பட்டியலில் எது மேலே?

(பள்ளிக்குப் பிந்தைய படிப்புத் தேர்வு குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேசப்போவதை ஒரு காணொளியை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். காவிரிக்கரை ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் எடுத்தது. பிளஸ் டூ மாணவர்களுக்கு அந்தப் பள்ளியின் ஆலோசகர் நடத்திய ஒரு பிற்பகல் அமர்வு. பள்ளியும் பெற்றோரும் அனுமதி தந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம். அங்கங்கே நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறேன். அச்சில் படிப்பவர்களுக்காகத் திரையில் நடந்ததை வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்.

மேற்படிப்புத் தேர்வு என்றால் மருத்துவம், சட்டம், வேளாண்மை, கலை அறிவியல் என்று விரியும். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. பொறியியல் கலந்தாய்வில் மாணவர் தாமே நிரப்ப வேண்டிய விருப்பப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. மதிப்பெண் வந்த பிறகு ஒரு குடும்பத்தின் கையில் மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் அந்தப் பட்டியலை எந்த வரிசையில் எழுதுவது என்பதுதான். அதைத்தான் பலரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்.

முதல் துண்டு. வகுப்பறை. முன்பெஞ்சு மாணவி எழுந்து கேட்கிறாள்: “மிஸ், நூத்தி எழுபத்தெட்டுக்கு சி.எஸ். கிடைக்குமா?”

ஆலோசகர் உடனே பதில் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்து, “அந்த நூத்தி எழுபத்தெட்டு எப்படி வந்துச்சுன்னு போர்டுல போடு” என்கிறார். மாணவி போடுகிறாள். மாதிரித் தேர்வில் கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88. கணிதம் அப்படியே நூற்றுக்கு. மற்ற இரண்டும் பாதியாகும். 92, 42, 44. மொத்தம் 200க்கு 178.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் முழுதாக ஒன்று. இயற்பியலில் கூடுவது அரை. அதோடு, ஒரே கட்-ஆஃப் பெற்றவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்குள் யார் முன்னே என்பதை முதலில் கணித மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கிறார்கள், பிறகு இயற்பியல், அதற்குப் பிறகும் சமமென்றால் மற்ற அளவுகோல்கள், கடைசியாகத்தான் எல்லாரும் பேசும் அந்த ரேண்டம் எண். கணிதத்தில் 90, மற்ற இரண்டிலும் 88 வாங்கிய பக்கத்துப் பெஞ்சுப் பையனுக்கும் 178தான். ஆனால் தரவரிசையில் இவள் அவனுக்கு முன்னால் நிற்பாள்.

அடுத்து ஆலோசகர் கேட்கிறார்: “நூத்தி எழுபத்தெட்டுக்கு கிடைக்குமான்னு யாரை வச்சு கேக்குற?” மாணவி, “அக்கா ஒருத்தங்க, அவங்களுக்கு நூத்தி எழுபத்தாறுக்கே கிடைச்சுதாம்” என்கிறாள். “எந்த வருஷம்?” மாணவிக்குத் தெரியவில்லை.

இங்கே நிறுத்துகிறேன். கட்-ஆஃபை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது ஆபத்தான பழக்கம். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 178க்கு மேலே பெரும் கூட்டம் இருக்கும், கடினமான ஆண்டில் அந்தக் கூட்டம் மெலிந்திருக்கும். 2021ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி எடையும், பதினொன்றுக்கு இருபது சதவீதமும், பன்னிரண்டாம் வகுப்பின் உள்மதிப்பீட்டுக்கு முப்பது சதவீதமும் கொடுத்துக் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃப் ஒன்றை எடுத்து வந்து இந்த ஆண்டுப் பிள்ளையிடம் நீட்டினால் அதற்கு என்ன பொருள்? ஒப்பிட வேண்டியது தரவரிசை எண். அதுவும் மாணவரின் சமூகப் பிரிவுக்கு உரியது. சென்ற ஆண்டு இன்ன கல்லூரியில் இன்ன பிரிவின் கடைசி இடம் எந்தத் தரவரிசை வரை போனது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அதைப் பார்த்தால் ஓர் ஓட்டம் தெரியும். “அந்த அக்காவுக்குக் கிடைத்தது” என்பதைவிட நூறு மடங்கு நம்பத்தக்கது அது. ஆலோசகர் இதை மாணவியிடம் இரண்டே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு செய்ய வேண்டிய வேலை என்பதால் அவர் அவசரப்படவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது துண்டுதான் இந்தக் காணொளியின் உயிர். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஆலோசகர் ஆறு பேரை முன்னால் அழைக்கிறார். உயரமோ அழகோ பார்க்காமல், காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் வரிசையில் நிறுத்துகிறார். கரும்பலகையில் அ, ஆ, இ என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு இடம். ஆக ஆறு பேருக்கு ஆறு இடம். ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் தங்கள் விருப்ப வரிசையை எழுதித் தர வேண்டும். மற்றவர் சீட்டைப் பார்க்கக் கூடாது.

முதல் மாணவர் வருகிறார். சீட்டில் முதலில் அ. இடம் இருக்கிறது, கிடைத்தது. இரண்டாமவர் சீட்டில் முதலில் ஆ. கிடைத்தது. மூன்றாமவரும் ஆ கேட்டிருந்தார். கிடைத்தது, ஆ முடிந்தது. நான்காவதாக நிற்பது நம் 178 மாணவி. அவள் சீட்டை ஆலோசகர் உரக்க வாசிக்கிறார்: “முதல்ல ஆ, அடுத்து இ, கடைசியா அ.” ஆ தீர்ந்துவிட்டது. அடுத்த வரி இ. இடம் இருக்கிறது. இ கொடுத்தாயிற்று.

மாணவி பலகையைப் பார்க்கிறாள். அ கட்டத்தில் ஓர் இடம் இன்னும் காலி. “மிஸ், எனக்கு அதான் வேணும்!”

“அப்புறம் ஏன் கடைசியில எழுதின?”

“எனக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க. ரெண்டு இடந்தான். எப்படியும் கிடைக்காதுன்னு...”

ஐந்தாவது மாணவன் சீட்டில் அ என்று ஒன்றே ஒன்று எழுதியிருக்கிறான். அவனுக்கு அது கிடைத்துவிடுகிறது. மாணவியைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவன், அவள் விரும்பிய இடத்தில் போய் உட்காருகிறான். ஆறாமவருக்கு மிச்சமிருந்த இ.

ஆலோசகர் சீட்டுகளைத் திருப்பித் தருகிறார். மாணவியை மட்டும் உண்மையான விருப்பத்தை எழுதச் சொல்கிறார். மற்றவர்கள் அதே சீட்டு. இந்த முறை அவள் எழுதியது அ, ஆ, இ. அவள் முறை வரும்போது அ காலியாக இருக்கிறது, கிடைத்தது. இப்போது ஐந்தாவது பையன் வருகிறான். அவன் சீட்டில் அ மட்டும்தான். அது தீர்ந்துவிட்டது. அடுத்த வரி இல்லை. ஆறாவது மாணவி இ வாங்கிக்கொண்டு போகிறாள். இ கட்டத்தில் இன்னும் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது, பையனும் இடமில்லாமல் நிற்கிறான்.

இந்தச் சீட்டுகளில் கலந்தாய்வின் விதி முழுவதும் இருக்கிறது. உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதல் வரியில் இடம் இருந்தால் அதைத் தருகிறது. இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போகிறது. ஒவ்வொரு வரியிலும் முதலில் பொதுப்பிரிவில் இடம் இருக்கிறதா, பிறகு உங்கள் சமூகப் பிரிவில் இருக்கிறதா என்று பார்க்கிறது. கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதற்காக அது உங்களைத் தண்டிப்பதில்லை, பின்னுக்குத் தள்ளுவதில்லை. உங்கள் தரவரிசையில் ஒரு புள்ளி கூடக் குறையாது. எட்டாத ஆசையை முதல் வரியில் எழுதினால் நஷ்டம் எதுவுமில்லை. எளிதாகக் கிடைக்கும் ஒன்றை முதல் வரியில் எழுதினால் அதற்குக் கீழே எழுதிய எதையும் கணினி படிக்கப்போவதே இல்லை.

இவ்வளவு எளிய விதி வீட்டில் ஏன் தலைகீழாகிறது? நாம் பழகிய தேர்வு முறைகள் பலவற்றில் பேராசைக்குத் தண்டனை உண்டு. வேலைக்கு மனு போடும்போது எட்டாத இடத்துக்குப் போட்டால் அந்த நேரம் வீண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் நுழைவுத் தேர்வுகளைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பயத்தை இங்கேயும் கொண்டுவந்துவிடுகிறோம். “மொதல்ல ஒரு நிச்சயமான சீட்டைப் போட்டுடு” என்று சொல்லும் தாய்மாமனின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் பட்டியலின் கடைசிப் பகுதிக்கு உரியது, முதல் வரிக்கு உரியதல்ல. நிச்சயமாகக் கிடைக்கும் இடங்கள் பட்டியலில் இருக்க வேண்டும், தாராளமாக இருக்க வேண்டும், அடியில் இருக்க வேண்டும். ஐந்தாவது பையன் செய்த பிழை அதை விட்டதுதான். எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற வசதி இருக்கும்போது, ஒரே நகரத்தில் ஒரே பிரிவை மட்டும் பத்துப் பன்னிரண்டு வரி எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். எதுவும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். அந்தச் சுற்றில் நல்ல இடங்கள் பலவும் போயிருக்கும்.

மூன்றாவது துண்டு. மாணவியின் அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்து தனி அறையில் பேச்சு. அப்பா எடுத்த எடுப்பில் சொல்கிறார்: “ஹாஸ்டல்ல விடமாட்டோம் மேடம். திருச்சியோ தஞ்சாவூரோ, பஸ்ல போய்ட்டு வர்ற தூரம்தான்.” அம்மா சொல்கிறார்: “கம்ப்யூட்டர்னா வேலை கிடைக்கும்கிறாங்க.” மாணவி பேசாமல் இருக்கிறாள்.

பல ஆலோசகர்கள் இந்த இடத்தில் பெற்றோருடன் வாதாடத் தொடங்குவார்கள். இவர் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: “ஹாஸ்டல் வேண்டாம்கிறது முடிவா, இல்ல வேண்டாம்னா நல்லதுங்கிறதா?” அப்பா யோசிக்கிறார். பிறகு, “முடிவுதான் மேடம். பாட்டி வீட்டுல இருக்காங்க, இவளும் வேணும்” என்கிறார். “சரி. அப்ப தூரத்துக் காலேஜ் எதுவும் பட்டியல்லயே வரக்கூடாது. ஆசைக்குக்கூட.”

பட்டியல் எழுதுவதில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. போகவே முடியாத கல்லூரியை நீக்க வேண்டும். போக முடியும் என்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். குடும்பத்தின் கட்டுப்பாட்டைப் பட்டியலின் எல்லையாக வைக்க வேண்டும், வரிசையில் கலக்கக் கூடாது. தூரத்துக் கல்லூரியை “கிடைச்சா பாத்துக்கலாம்” என்று மேலே எழுதி வைத்தால், கிடைத்தே விடும். பிறகு அதை மறுக்க வேண்டிவரும். மறுத்தால் அந்தச் சுற்றில் அதற்குக் கீழே எழுதியிருந்த பக்கத்து ஊர்க் கல்லூரிகள் கைக்கு வராது.

படிப்புப் பிரிவுக்கு வருவோம். இங்கேதான் அந்த ஆலோசகர் நேரம் செலவழிக்கிறார். நானும் செலவழிக்கிறேன்.

“கம்ப்யூட்டர் பிடிக்குமா?” என்று அவர் மாணவியிடம் கேட்கவில்லை. “லீவு நாள்ல உன்னை யாரும் எதுவும் சொல்லலைன்னா என்ன செய்வ?” என்றும் கேட்கவில்லை, அது வழக்கமான கேள்வி, பிள்ளைகள் அதற்கு வழக்கமான பதிலை வைத்திருக்கிறார்கள். அவர் மேஜையில் நான்கு தாள்களை விரிக்கிறார். கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம், மின்னணு தகவல்தொடர்பு, மின் மின்னணுப் பொறியியல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இந்த நான்கு பிரிவுகளுக்கும் மூன்றாம் பருவத்தில் என்னென்ன தாள்கள் என்ற பட்டியல். முதலாண்டில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான பாடங்கள் அதிகம். பிரிவின் முகம் மூன்றாம் பருவத்தில்தான் தெரியத் தொடங்கும். அதனால் அந்தப் பருவம்.

“சி.எஸ்.ஸையும் ஐ.டி.யையும் பக்கத்துல வச்சுப் படி” என்கிறார். மாணவி விரல் வைத்துப் படிக்கிறாள். தனிநிலைக் கணிதம், இலக்கமுறைக் கோட்பாடுகள், தரவு அறிவியல் அடிப்படை, தரவுக் கட்டமைப்பு, பொருள்நோக்கு நிரலாக்கம். இரண்டு தாளிலும் கிட்டத்தட்ட அதே பெயர்கள். “மிஸ், ரெண்டும் ஒண்ணுதானா?” “அந்தப் பருவத்துல ஏறக்குறைய ஒண்ணுதான். அப்ப உன் பட்டியல்ல நல்ல காலேஜ் ஐ.டி.யைச் சுமாரான காலேஜ் சி.எஸ்.ஸுக்குக் கீழே வைக்க என்ன காரணம் இருக்கு?” அம்மா இப்போது முன்னால் சாய்ந்து அந்தத் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அந்த அசைவைக் கவனியுங்கள். பிரிவின் பெயர் தந்த கவர்ச்சி அந்த நிமிடத்தில் கொஞ்சம் தளர்கிறது.

பிறகு மூன்றாவது தாள். மின்னணு தகவல்தொடர்பில் அதே பருவத்தில் சைகைகளும் அமைப்புகளும், மின்னணுக் கருவிகளும் சுற்றுகளும், கட்டுப்பாட்டு அமைப்புகள். அதோடு சி நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் இருக்கிறது. நான்காவதான மின் மின்னணுப் பொறியியலிலும் அதே சி நிரலாக்கமும் தரவுக் கட்டமைப்பும் இருக்கிறது, கூடவே மின்காந்தப் புலமும் மின் இயந்திரங்களும். மாணவி “சுற்றுகள்” என்ற இடத்தில் நிற்கிறாள். இயற்பியல் ஆய்வகத்தில் டையோடு, டிரான்சிஸ்டர் பண்பு வரைகோடு போடுவது தனக்குப் பிடித்த வேலை என்றும், வகுப்பில் மற்றவர்களுக்கும் தானே இணைப்புக் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்கிறாள். அப்பா, “வீட்டுல மிக்ஸியக்கூட இவதான் கழட்டுவா” என்கிறார். அந்த அறையில் அவர் முதன்முறையாகச் சிரிக்கிறார்.

ஆலோசகர் இங்கே ஒரு முடிவைத் திணித்திருக்கலாம். செய்யவில்லை. “உனக்குப் பிடிச்சதைச் சொல்லிட்ட. அம்மா பயத்தையும் சொல்லிட்டாங்க. இதுலயும் புரோகிராமிங் இருக்குன்னு தாளே சொல்லுது. இப்ப நீங்க மூணு பேரும் வீட்டுல உக்காந்து எழுதுங்க” என்று பட்டியல் போடும் வெற்றுத்தாளைத் தருகிறார். ஒரு திருத்தம் மட்டும் நான் சேர்ப்பேன். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்களுக்கென்று பாடத்திட்டம் வைத்திருக்கும். ஆகவே தாள்களைப் பார்க்கும்போது சேரப்போகும் கல்லூரியில், சேரப்போகும் ஆண்டில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முறை நிலைக்கும், தாள் மாறும்.

அந்தக் குடும்பம் ஒரு வாரம் கழித்து எழுதிக்கொண்டு வந்த பட்டியல் காணொளியின் கடைசிப் பகுதியில் வருகிறது. மாதிரிப் பட்டியல்தான். தரவரிசை வந்த பிறகு திருத்துவதற்கானது. எல்லாமே பேருந்துத் தூரக் கல்லூரிகள். மேலே இரண்டு நல்ல கல்லூரிகளின் மின்னணு தகவல்தொடர்பு. சென்ற ஆண்டுத் தரவரிசைப்படி அவை இவளுக்குக் கொஞ்சம் எட்டாதவை. அடுத்து அதே கல்லூரிகளின் மின் மின்னணுப் பொறியியல். பிறகு தகவல் தொழில்நுட்பமும் கணினி அறிவியலும், அம்மாவின் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து. அதற்கும் கீழே கடைசித் தரவரிசை இவளுக்கு வரக்கூடியதைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும் கல்லூரிகளில் அதே பிரிவுகள். ஆலோசகர் ஒவ்வொரு அடுத்தடுத்த இரண்டு வரியிலும் விரல் வைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்: “இந்த ரெண்டும் ஒரே நேரத்துல கையில கிடைச்சா எதுக்குப் போவ?” கீழே இருப்பதற்கு என்று மாணவி சொன்ன இரண்டு இடத்தில் வரிகள் இடம் மாறுகின்றன. பட்டியலைச் சரிபார்க்க அந்தக் கேள்வி போதும். கல்லூரிகளின் பெயருக்குப் பக்கத்தில் நான்கிலக்கக் குறியீட்டையும் எழுத வைக்கிறார். ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உள்ள மாநிலம் இது. பெயரை நம்பிச் சொடுக்கியவர்கள் வேறு ஊரில் இடம் வாங்கியிருக்கிறார்கள்.

இந்த அமர்வில் அவர் இன்னும் விரிவாகச் சொல்லியிருக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் மாணவர் ஓரிரு நாட்களுக்குள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஏற்றுச் சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு, மேலே இருப்பது கிடைத்தால் நகர்வேன் என்பது இன்னொன்று. திரையில் Accept and Upward என்று வரும். மேலே இடம் வாங்கியவர்களில் சிலர் சேராமல் போகும்போது அந்த இடங்கள் காலியாகி, இப்படி நகரச் சம்மதித்தவர்களுக்குப் போகும். நல்ல வசதி. ஆனால் நகர்வு மாணவரின் பட்டியலைப் பார்த்தே நடக்கும். மேலே எழுதிய வரியில் இடம் வந்தால் அது கிடைக்கும், கையிலிருந்த இடம் போய்விடும். திரும்ப முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. பையனுக்கு அவன் விரும்பிய இயந்திரப் பொறியியலே பட்டியலின் ஒன்பதாம் வரியில் கிடைத்தது. நான்காம் வரியில் உறவினர் ஒருவர் சொன்னதற்காக, பெயர் பெற்ற ஒரு கல்லூரியின், அவன் கேள்வியே படாத ஒரு பிரிவு. மேல்நோக்கி நகர்வதென்றால் நல்லதுதானே என்று அப்வேர்ட் கொடுத்தார்கள். நான்காம் வரி கிடைத்தது. அவனுக்கு இயந்திரப் பொறியியல் போனது. கணினி ஒரு தவறும் செய்யவில்லை. நான்காவது எனக்கு ஒன்பதாவதைவிடப் பிடிக்கும் என்று அவனே எழுதிக் கொடுத்ததை அது நம்பியது. அப்வேர்ட் கொடுப்பதற்கு முன் கிடைத்த வரிக்கு மேலே உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, “இதற்குப் போவேனா?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் ஏற்றுச் சேர்வதே சரி.

இன்னொரு சிறு விஷயம், சொல்லாமல் விட்டால் சிக்கல் தருவது. விருப்பப் பட்டியலை உறுதிசெய்யும் கடவு எண் பதிவு செய்த கைபேசிக்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரர் தம் எண்ணையே போட்டு விண்ணப்பித்துத் தந்தால் அன்றைக்கு வேலை சுலபம். கலந்தாய்வு நாளில் அவர் கடையைத் தேடிப் போக வேண்டும். பட்டியலை அவர் விருப்பப்படி மாற்றவும் முடியும். பெற்றோர் யாராவது ஒருவரின் எண், அந்தக் கோடை முழுவதும் மாறாத எண், அதைத்தான் தர வேண்டும்.

இந்த மாதிரி அமர்வைப் பதிவு செய்து பரப்பலாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பரப்பலாம், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும். கலந்தாய்வு எத்தனை சுற்று, எந்தத் தேதி, எவ்வளவு கட்டணம், எங்கே செலுத்துவது என்பவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை. கைபேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் மூன்றாண்டுப் பழைய காணொளியைப் பார்த்து தேதி தவறியவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆலோசகர் தம் காணொளியில் ஒரு தேதியைக்கூடச் சொல்லவில்லை. ஆறு பேரும் மூன்று கட்டமும் பத்தாண்டு கழித்தும் பொருந்தும். மாறுவதை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள், மாறாததைப் படமெடுங்கள்.

கடைசித் துண்டு. ஒரு நிமிடம்கூட இல்லை. அமர்வு முடியும் நேரத்தில் பின்பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுகிறான். “மிஸ், நான் ப்யூர் சயின்ஸ். எனக்கு மாமா சிவில் சேர்க்கலாம்னு சொல்றாங்க.”

அறை அமைதியாகிறது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவன். கணிதம் இல்லை. பொறியியல் கட்-ஆஃபில் பாதி கணிதம். இந்தப் பாடத்தொகுதியில் படித்தவருக்கு அந்தக் கலந்தாய்வில் தரவரிசையே வராது. ஆலோசகர் அதை மறைக்காமல் சொல்கிறார். பிறகு அவனுக்குத் திறந்திருக்கும் வாசல்களைச் சொல்கிறார். நீட் எழுதாமல், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தமிழ்நாட்டில் சேரக்கூடிய செவிலியர் படிப்பு, மருந்தியல், உயிரியலுக்கு முதன்மை தரும் கால்நடை மருத்துவம், வேளாண்மை, அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் இளம் அறிவியல் படிப்புகள். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் தனி, நாட்கள் தனி. கலை அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பம் முடிவுகள் வந்த கையோடு மே மாதத்திலேயே தொடங்கிவிடும், பொறியியல் கலந்தாய்வுக்காகக் காத்திருப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். அவன் தலையசைத்து எழுதிக்கொள்கிறான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதை அவனிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை.

அவனுடைய பட்டியல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்த வாரத்தில், பதினொன்றில் எந்தக் குரூப் என்று படிவத்தில் டிக் அடித்த நிமிடத்தில். கணக்குப் பயமாக இருக்கிறது என்று அந்த வயதில் ஒரு பிள்ளை சொல்வதும், அதற்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்காமல் ஒரு பெட்டியில் டிக் விழுவதும் நம் பள்ளிகளில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எந்தக் குரூப் எந்தப் படிப்பின் வாசலை மூடும் என்று ஒரு தாளில் அச்சடித்து அந்தப் படிவத்தோடு கொடுக்கப் பள்ளிக்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

அதனால் இந்த அவையில் உள்ள தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் காணொளியைப் பிளஸ் டூ வகுப்பில் காட்டுங்கள். அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் தனியே வெட்டி, பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில், குரூப் படிவம் கைக்குப் போவதற்கு முன்னால் காட்டுங்கள். காணொளியின் பிரதி வாசலில் இருக்கும் நண்பரிடம் கிடைக்கும். பென்டிரைவ் கொண்டுவந்தவர்கள் அங்கேயே பதிந்துகொள்ளலாம். இனி உங்கள் கேள்விகள்.